கன்றுகள் ஒன்றையொன்று சப்புகின்றன: முள் வளையமா, தனிக்கொட்டிலா, காம்பு வாளியா?

தாராபுரம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அக்கா அழைத்திருந்தாள். பதினொரு கலப்பினக் கறவைகள், ஒரே பட்டியில் ஏழு கன்றுகள். சின்னதற்கு மூன்று வாரம், பெரியதற்கு நான்கு மாதம். அந்தச் சின்னக் கன்றுக்குத் தொப்புள் வீங்கியிருக்கிறது. இரண்டு கிடாரிக் கன்றுகளின் காம்புகள் எந்நேரமும் ஈரமாகவே இருக்கின்றன. "ஏழுக்கும் மூக்கில் முள் வளையம் மாட்டிவிடலாம் என்கிறார் மாமா. தனித்தனியாகக் கொட்டில் கட்டினால்தான் அடங்கும் என்று கொத்தனார் சொல்கிறார். எதைச் செய்யட்டும் கண்ணு?" என்று கேட்டாள். "நான் வரும்வரை இரண்டுமே வேண்டாம் அக்கா. வீங்கின கன்றை மட்டும் இப்போதே பிரித்துக் கட்டு, டாக்டருக்குச் சொல்லிவிடு" என்றேன்.

மறுநாள் மாலைக் கறவைக்குப் போய்விட்டேன். கன்றுக்கு ஒன்றரை லிட்டர் வீதம் வாளியில் ஊற்றி வைத்தார்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிடம் ஆவதற்குள் பெரும்பாலான வாளிகள் காலி. ஒரு கன்று வெறும் வாளியை முட்டித் தள்ளிவிட்டு, பக்கத்துக் கன்றின் வாயோரம் ஒட்டியிருந்த பால் நுரையை நக்கியது. பிறகு அதன் காதைப் பிடித்துச் சப்பியது. காதிலிருந்து கீழே இறங்கித் தொப்புளுக்குப் போனது. இன்னொன்று தலையும் வாலும் எதிரெதிராக நின்று, பின்னங்கால்களுக்கு இடையே தலையை நுழைத்து, தாய் மடியை முட்டுவதுபோலவே முட்டி முட்டிச் சப்பியது. கால் மணி நேரம் கழிந்ததும் யாரும் அதட்டாமலே ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. இந்தக் கால் மணி நேரத்தை அக்காவுக்குக் காட்டத்தான் வந்தேன். எந்த வழியைத் தேர்ந்தாலும், அது இந்த நேரத்தை என்ன செய்கிறது என்று பார்த்துத்தான் எடை போட வேண்டும்.

கன்றின் வாயில் பாலின் சுவை பட்டதுமே சப்பும் வேட்கை எழுந்துவிடுகிறது. வயிறு நிறைவதால் மட்டும் அது அடங்குவதில்லை. சப்பினால் அடங்கும், அல்லது பத்துப் பதினைந்து நிமிடத்தில் தானாகத் தணியும். தாயிடம் ஊட்டும் கன்று ஒரு வேளைக்கு எட்டு, பத்து நிமிடம் சப்புகிறது. பால் தீரும்போது அந்த வேட்கையும் தீர்ந்திருக்கும். வாளியில் குடிக்கும் கன்றுக்கோ வயிற்றில் பால் போய்விட்டது, வாயின் வேலை பாக்கி. அந்தப் பாக்கியை அது பக்கத்துக் கன்றின் மேல் தீர்த்துக்கொள்கிறது. பால் குடித்த கன்றுகளுக்கு வெறும் ரப்பர் காம்பைச் சப்பக் கொடுத்துப் பார்த்த ஆய்வாளர்கள், செரிமானத்தோடு தொடர்புடைய சுரப்புகள் சிலவும் அப்போது கூடுவதைக் கண்டிருக்கிறார்கள். ஆகவே இதைக் கன்றின் கெட்ட பழக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உப்புக் குறைவு என்று சொல்லித் தாதுக்கட்டியைத் தொங்கவிடுவோரும் உண்டு. தாதுக்கட்டி நல்லதுதான், ஆனால் இதற்கு மருந்து அதுவல்ல.

எங்கள் அப்புச்சி காலத்துக் கட்டுத்தறியில் இந்தத் தொல்லையை நான் பார்த்ததே இல்லை. காங்கேயம் மாடு கன்று ஊட்டாமல் பால் விடாது. முதலில் கன்று, பிறகு கறவை, மிச்சம் மறுபடியும் கன்றுக்கு. கலப்பின மாடு வந்து, பிறந்ததும் கன்றைப் பிரித்து வாளியில் பழக்கி, பத்துக் கன்றை ஒரே பட்டியில் விட ஆரம்பித்த பிறகுதான் இது பெருகியது.

சேதம் இரண்டு இடத்தில். முதலாவது தொப்புள். கொடி காய்ந்து விழ ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதற்குள் இன்னொரு கன்று அதைச் சப்பினால் காய வேண்டியது ஈரமாகவே இருக்கிறது, எச்சிலோடு கிருமியும் உள்ளே போகிறது. சீழ் கட்டும், கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டால் முழங்கால், கணுக்கால் மூட்டுகள் வீங்கிக் கன்று நொண்டும். வீக்கத்தைக் கண்டதும் கீறிவிட நினைப்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். சூடாக, கெட்டியாக, தொட்டால் கன்று துள்ளுகிறது என்றால் சீழாக இருக்கலாம். மெத்தென்று இருந்து, அழுத்தினால் உள்ளே போய், விரலுக்கு ஒரு வட்டத் துளை தட்டுப்பட்டால் அது குடலிறக்கம். அங்கே பிளேடு வைத்தால் வெளியே வருவது குடலாக இருக்கும். இரண்டும் சேர்ந்தும் வரும். அந்த முடிவு கால்நடை மருத்துவருடையது.

இரண்டாவது காம்பு. இந்தச் சேதம் இன்று தெரியாது, கிடாரி கன்று போடும் நாளில்தான் தெரியும். எங்கள் வீட்டில் வளர்ந்த முதல் கலப்பினக் கிடாரி ஈன்ற அன்று பின்பக்க இடது மடியில் கைவைத்தேன், கல்போல் இருந்தது. காம்பை இழுத்தால் தண்ணீரும் திரியும்தான் வந்தன. "கன்றாக இருந்தபோது மற்றக் கன்றுகளோடு அடைத்து வளர்த்தீர்களா?" என்பதுதான் டாக்டர் கேட்ட முதல் கேள்வி. அந்தக் காம்பு கடைசிவரை பால் தரவில்லை. இன்றைக்கும் கன்றுப் பட்டியில் ஈரக் காம்பைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். காம்பு நுனியில் மெழுகுபோன்ற ஓர் அடைப்பு இயற்கையாகவே இருக்கிறது. சப்பச் சப்ப அது கழன்றுவிடுகிறது, வாயிலுள்ள கிருமிக்கு வழி திறக்கிறது. மடிநோய் வந்த மாட்டின் பாலை வீணாக்கக் கூடாதென்று கன்றுக்கு ஊற்றும் வீடுகளில் ஆபத்து இன்னும் அதிகம், அந்தப் பாலைக் குடித்த வாயே அடுத்த கன்றின் காம்பைப் பிடிக்கிறது. சோதிக்கிறேன் என்று நீங்களும் காம்பைப் பிதுக்கிப் பார்க்காதீர்கள், அதுவும் அடைப்பைக் கழற்றிவிடும். மாதம் ஒரு முறை நான்கு மடிப் பகுதியையும் உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தால் போதும். ஒன்று மட்டும் பெருத்தோ சூடாகவோ இருந்தால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

இனி மாமாவின் முள் வளையம். மூக்கில் மாட்டினால் முள் முன்னோக்கி நிற்கும்; சப்ப வரும் கன்று மற்றதைக் குத்தும், அது உதைத்துவிட்டு விலகும். விலை குறைவு, மாட்டுவது சுலபம், மாட்டிய அன்றே பலன் கண்ணுக்குத் தெரியும். ஆனால் சப்பும் வேட்கை அப்படியே இருக்கிறது. வளையத்தைக் கழற்றினால் பல கன்றுகள் மறுபடியும் தொடங்கிவிடும். பால் குடிக்கும் வயதுக் கன்றுக்கு இதை மாட்டுவதில் இன்னொரு கேடும் உண்டு: அது இனி ரப்பர் காம்பையும் ஒழுங்காகப் பிடிக்க முடியாது, அதனால் நல்ல வழி ஒன்றை நாமே அடைத்துவிடுகிறோம். கயிற்றில் கட்டிய கன்று விலக முடியாமல் நின்றால் முள் அதன் மடியையே கீறும். பால் மறந்த பிறகும் விடாமல் சப்பும் ஒன்றிரண்டு கன்றுகளுக்குக் கடைசி மருந்தாக இதை வைத்துக்கொள்ளலாம். ஏழுக்கும் மாட்டுவதற்கு நான் உடன்பட மாட்டேன்.

கொத்தனாரின் தனிக்கொட்டில் அதைவிட நல்ல யோசனை. எட்டாத இடத்தில் இருப்பதைச் சப்ப முடியாது. தொப்புள் காயும் முதல் இரண்டு வாரத்துக்கு இதைத் தவிர வேறு வழியே இல்லை என்று நினைக்கிறேன். பிறந்ததும் தொப்புளை ஏழு சதவீத அயோடின் டிஞ்சரில் முக்கி, உலர்ந்த தரையில் தனியாக வைத்துவிட வேண்டும். அதற்குச் சுவர் தேவையில்லை. மூங்கில் தடுப்பு இரண்டு போதும், வெயிலும் காற்றும் வரட்டும்.

பால் மறக்கும்வரை தனியாகவே வைத்திருப்பதில்தான் எனக்குத் தயக்கம். துணையோடு வளரும் கன்று மற்றதைப் பார்த்துத் தீவனம் தின்னச் சீக்கிரம் பழகுகிறது, புது இடத்தில் மிரள்வதில்லை. தனியே வளர்ந்ததைப் பட்டென்று பாலை நிறுத்தி அதே வாரத்தில் கூட்டத்தில் விட்டால் சப்பல் அப்போது தொடங்கும். கொட்டில் அதைத் தள்ளிப் போட்டது, அவ்வளவுதான். செலவும் சேர்கிறது, கழுவ வேண்டிய இடமும் பெருகுகிறது.

வேப்பெண்ணெயும் கற்றாழைச் சோறும் தடவுவதை இங்கே எல்லோரும் ஒரு முறையாவது செய்து பார்த்திருப்பார்கள். இரண்டு நாள் கேட்கும். பிறகு நக்கி நக்கித் தீர்ந்துவிடும், அல்லது கசப்பு பழகிவிடும், அல்லது காம்பை விட்டுக் காதுக்குப் போகும். ஆறாத தொப்புளின் மேல் எதையும் தடவ வேண்டாம்.

இரண்டு மூன்று மாடு வைத்திருப்பவர்கள் கன்றை ஊட்ட விடுவதே சிறந்தது. கறந்து முடித்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் கன்றை மடியில் விட்டால் சப்பல் தொல்லை அநேகமாக இராது. ஆனால் அக்காவின் தோட்டத்தில் பதினொரு மாட்டையும் இயந்திரத்தில் கறக்கிறார்கள். கன்றுக்குப் பழகிய மாடு இயந்திரத்துக்குப் பாலை அடக்கிக்கொள்ளும். சங்க வண்டி வரும் நேரத்துக்குள் கன்றுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கட்டவும் ஆளில்லை. அவளுக்கு இது பொருந்தவில்லை.

ஆகவே காம்பு வாளி. அடிப்பக்கத்தில் ரப்பர் காம்பு வைத்த வாளியைத் தடுப்பில் மாட்டிக் கன்றைச் சப்பிக் குடிக்க விடுவது. வாங்கிய எல்லோருக்கும் இது பலிப்பதில்லை. காரணம் பெரும்பாலும் காம்பின் துளை. கன்று மெதுவாகக் குடிக்கிறது, நேரமாகிறது என்று கத்தியால் துளையைப் பெரிதாக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் அதுவும் சாதா வாளிதான். இரண்டு லிட்டர் குடிக்க ஐந்தாறு நிமிடம் ஆனால் துளை சரி. இரண்டே நிமிடத்தில் தீர்ந்தால் காம்பு கிழிந்திருக்கிறது, மாற்ற வேண்டும். வாளியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பதைவிடக் கடிகாரத்தைப் பார்ப்பதே நம்பகமான சோதனை.

அக்கா வீட்டில் வகுத்த முறை இது. ஆளுக்கொரு வாளி. ஒரே காம்பை இரண்டு கன்று பகிர்ந்தால் கழிச்சல் பரவும், வலியது மெலியதைத் தள்ளிவிடும். காம்பு கன்றின் தோள் உயரத்தில் இருக்கும்படி மாட்டினோம். பால் வைப்பதற்கு முன்பே ஒவ்வொரு கன்றையும் தொட்டியோரம் குட்டைக் கயிற்றில் கட்டிவிட வேண்டும். பக்கத்துக் கன்றின் காது எட்டக் கூடாது. பால் தீர்ந்த பிறகும் வாளியை எடுக்கக் கூடாது. வெறுங்காம்பை இன்னும் பத்து நிமிடம் சப்பட்டும். அதற்குப் பிறகு வாயோரம் ஈரத்துணியால் துடைத்து, ஒரு பிடி கன்றுத் தீவனமும் சோளத்தட்டின் கொழுந்துப் பகுதியும் போட்டு, பால் வைத்ததிலிருந்து அரை மணி நேரம் ஆனதும் அவிழ்ப்பது. நாக்கில் சிட்டிகை உப்புத் தடவும் வழக்கம் சிலரிடம் உண்டு. பால் சுவையை மாற்ற அது சற்று உதவும், வெறுங்காம்பின் வேலையைச் செய்யாது.

இதில் கசக்கும் பகுதி கழுவுவது. காம்பின் உள்பக்கம் பால் படிந்து புளித்தால் கழிச்சல் வந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் அலசி, சோப்பு கலந்த சுடுநீரில் பிரஷ் விட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து வைக்க வேண்டும், இரண்டு வேளையும். "இருபது நிமிடம் கூட ஆகிறதே" என்று அக்கா முதலில் சலித்துக்கொண்டாள். அந்தச் சலிப்பு நியாயமானது. கழுவ முடியாத வீட்டில் காம்பு வாளியை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். அவர்கள் சாதா வாளியில் ஊற்றி, அரை மணி நேரம் கட்டி வைத்துத் தீவனம் காட்டுவதோடு நிற்கட்டும். அந்த அரை மணி நேரமே பாதிக்கு மேல் வேலை செய்துவிடும்.

பால் அளவையும் மாற்றினோம். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு. முப்பது கிலோக் கன்றுக்கு மூன்று லிட்டர். சப்பும் வேட்கை பசியினால் மட்டும் வருவதில்லை என்றேன், ஆனால் பசியிருந்தால் அது இரட்டிக்கும். கிடாரிகளுக்கு ஐந்து லிட்டர் வரை உயர்த்தச் சொன்னேன். "நாளுக்கு இரண்டு லிட்டர் சங்கத்துக்குக் குறையுமே" என்றார் மாமா. உண்மைதான், அறுபது நாளுக்கு ஒரு கன்றுக்கு 120 லிட்டர். ஒரு காம்பு செத்த மாடு நாளுக்கு ஒரே ஒரு லிட்டர் குறைவாகக் கறந்தாலும் 300 நாள் கறவையில் 300 லிட்டர் போகும், அதுவும் ஒவ்வோர் ஈற்றிலும். இந்தக் கணக்கைத் தொட்டிச் சுவரில் கரித்துண்டால் எழுதிக் காட்டிய பிறகு மாமா மறுப்புச் சொல்லவில்லை. காளைக்கன்றுகளுக்கு அளவைக் கூட்ட வேண்டுமா என்பது அவரவர் விருப்பம். ஆனால் பசித்த காளைக்கன்றும் கிடாரியின் காம்பைச் சப்பும்.

பாலை மறக்கடிக்கும் நாள்கள் இன்னொரு கண்டம். நாள் கணக்குப் பார்த்து ஒரே நாளில் நிறுத்தினால், அதுவரை ஒழுங்காக இருந்த கன்றும் சப்பத் தொடங்கும், அந்தப் பழக்கம் பெரிய கிடாரியாகும் வரை தொடரக்கூடும். சில மாடுகள் ஈன்ற பிறகும் பக்கத்து மாட்டின் பாலைத் திருடிக் குடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கன்றுத் தீவனமும் சுத்தமான தண்ணீரும் முதல் வாரத்திலிருந்தே கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் ஏறத்தாழ ஒரு கிலோ தீவனம் தின்கிறதா என்று அளந்து பார்த்துவிட்டு, பத்துப் பதினான்கு நாளில் படிப்படியாகப் பாலைக் குறைக்கலாம். பாலை நிறுத்துவது, பட்டி மாற்றுவது, கொம்பு சுடுவது மூன்றையும் ஒரே வாரத்தில் வைக்காதீர்கள்.

எது சப்புகிறது என்று தெரியாமல் தவிப்பவர்களுக்கு ஒரு வழி. ஈரக் காம்புள்ள கன்றின் மடியைச் சுற்றி மஞ்சள் குழைத்துப் பூசிவிட்டு, பால் வைத்து அரை மணி நேரம் கழித்துப் பட்டிக்குப் போய் மூக்குகளைப் பாருங்கள். அக்கா பட்டியில் இரண்டு மூக்கு மஞ்சளாக இருந்தது. ஒன்று நான்கு மாதக் கிடாரி, இன்னொன்று அதைப் பார்த்துப் பழகிய இரண்டு மாதக் காளைக்கன்று.

முதல் வாரம் முடிவில் பால் நேரச் சப்பல் வெகுவாகக் குறைந்துவிட்டது. காளைக்கன்று தானாகவே விட்டுவிட்டது. நான்கு மாதக் கிடாரி விடவில்லை. அதற்குப் பால் மறந்து ஒரு மாதமாகியிருந்தது, பகலெல்லாம் எது கிடைத்தாலும் சப்பியது. அதைத் தனியே கட்டினோம். பத்து நாள் கழித்துக் கூட்டத்தில் விட்டபோதும் நேராக ஒரு மடிக்குத்தான் போனது. மாமாவின் முள் வளையம் அந்த ஒன்றுக்குத்தான் மாட்டப்பட்டது. தொட்டியில் தண்ணீர் குடிக்கிறதா, தீவனம் எட்டுகிறதா, மூக்குத்தோல் புண்ணாகிறதா என்று நாளும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மூன்று வாரம் கழித்து ஒரு மாலை கழற்றிப் பார்க்க வேண்டும். மறுபடியும் தொடங்கினால் அந்தக் கிடாரியைக் கன்றுப் பட்டியில் வைக்கப் போவதில்லை.

மூன்று வாரக் கன்றின் தொப்புளில் சீழ்தான் இருந்தது. குடலிறக்கம் இல்லை என்று விரல் வைத்துப் பார்த்து உறுதி செய்த பிறகே டாக்டர் கீறி வடித்தார். ஐந்து நாள் ஊசி. இப்போது அது காம்பு வாளியில் குடிக்கிறது, தடுப்புக்கு அந்தப் பக்கம், தோல் மூடி முடி முளைக்கும்வரை தனியாக.